பதினான்காம் கேள்வி: ஆற்காடா, வாலாஜா ரோடா?

நூலக வார விழா நவம்பர் 14-ல் தொடங்கும். காட்பாடியைத் தாண்டி எங்கள் பக்கத்தில் ஒரு வாசகர் வட்டம், அந்த வாரத்தில் ஒரு மாலையை வினாடி வினாவுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. கேள்வி எழுதுவதும் மேடையில் நின்று வாசிப்பதும் என் வேலை. ஒரு வருஷம் பதினான்காவது கேள்வியில் தகராறு வந்தது. சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் கோப்பை யாருக்கு என்பது அந்த ஒரு தீர்ப்பில் போய் நின்றது, அந்தத் தீர்ப்பை நான் சரியாகச் சொல்லவில்லை. பிறகு கேள்வி அட்டைகளையும் மதிப்பெண் தாளையும் பரப்பி வைத்துக்கொண்டு எங்கே சறுக்கினேன் என்று பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆறு அணிகள், அணிக்கு இரண்டு பேர். ஏ, பி, சி என்று பெயர் வைத்தால் சபைக்கு ஞாபகம் இருக்காது என்பதால் பழைய வட ஆற்காட்டு ஆறுகளின் பெயரை வைத்தோம்: பாலாறு, பொன்னை, கௌண்டின்யா, மலட்டாறு, செய்யாறு, கமண்டல நாகநதி. தொடக்கத்தில் சொல்ல என் தாளில் எழுதி வைத்திருந்த வரி இது: “மேடையில ஆறு ஆறு உக்காந்திருக்கு. இன்னிக்காவது எல்லாம் ஒண்ணா ஓடுதான்னு பாப்போம்.” பின்வரிசையில் இருந்து ஒருவர், “பாலாத்துல மொதல்ல மணல் இருக்குதான்னு பாருங்க சார்” என்றார். மண்டபமே சிரித்தது. என் வரியை விட அவர் வரிதான் நன்றாக இருந்தது.

விதிகளை வாயால் சொன்னேன். முதல் இரண்டு சுற்றிலும் கேள்விகள் வரிசைப்படி வரும். முதல் கேள்வி முதல் அணிக்கு, இரண்டாவது இரண்டாம் அணிக்கு, ஏழாவது திரும்பவும் முதல் அணிக்கு. நேரடிக் கேள்விக்கு 30 விநாடி, 10 மதிப்பெண். தெரியாவிட்டாலோ தப்பாகச் சொன்னாலோ வலது பக்கத்து அணிக்குப் போகும். அவர்களுக்கு 15 விநாடி, 5 மதிப்பெண். வாயில் இருந்து முதலில் வருவதே விடை, மாற்ற முடியாது. ஆட்சேபம் இருந்தால் அடுத்த கேள்வியை நான் வாசித்து முடிப்பதற்குள் கையைத் தூக்க வேண்டும். அதுவும் அணியில் இருப்பவர் தூக்க வேண்டும், சபையில் இருந்து வரக் கூடாது.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தீர்ப்பு மாறினால் ஏற்கெனவே கொடுத்த மதிப்பெண் என்ன ஆகும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், அதை நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை.

அட்டையில் இருந்ததும் வாயில் வந்ததும்

பதினான்காம் கேள்வி என் அட்டையில் இப்படி இருந்தது:

```
கேள்வி 14
1856 ஜூலை 1 அன்று இராயபுரத்தில் இருந்து
புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில்
எந்த நிலையம் வரை ஓடியது?
விடை: வாலாஜா ரோடு
```

பார்க்க ஒரு குறையும் தெரியாது. எங்கள் மண்ணைப் பற்றிய கேள்வி, எல்லாருக்கும் ஓரளவு காதில் விழுந்த செய்தி, ஒரே விடை. வாசித்தேன். மண்டபத்தில் பழைய மின்விசிறி ஒன்று கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நேரடிக் கேள்வி பொன்னை அணிக்கு. அந்தப் பையன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, “சார், இன்னொரு தரம்” என்றான்.

இங்கேதான் முதல் தப்பு. இரண்டாம் முறை வாசிக்கும்போது நான் அட்டையைப் பார்க்கவில்லை. கேள்விதான் மனசில் இருக்கிறதே என்று அவன் முகத்தைப் பார்த்துப் பேச்சு வழக்கில் சொன்னேன்: “1856-ல இராயபுரத்துல இருந்து மொதல் ரயில் கெளம்பிச்சே, அது எந்த ஊர் வரைக்கும் ஓடிச்சு?”

அட்டையில் ‘நிலையம்’, என் வாயில் ‘ஊர்’. அந்த விநாடியில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

பொன்னைப் பையன் “வாலாஜாபாத்” என்றான். தப்பு. வாலாஜாபாத் காஞ்சிபுரம் மாவட்டத்தில், செங்கல்பட்டில் இருந்து அரக்கோணம் போகிற பாதையில் இருக்கிறது. பெயரின் முன்பாதி ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. கேள்வி கௌண்டின்யாவுக்குப் போனது. அங்கே இருந்த பெண், கல்லூரி இரண்டாம் ஆண்டு என்று நினைக்கிறேன், யோசிக்காமல் “ஆற்காடு” என்றாள். அட்டையைக் குனிந்து பார்த்தேன். வாலாஜா ரோடு என்றுதான் இருந்தது. “தவறு” என்றேன். அடுத்தது மலட்டாறு. அந்த இரண்டு பேரும் காதோடு காதாக ஏதோ பேசிவிட்டு, “வாலாஜா ரோடு” என்றார்கள். கைத்தட்டல், 5 மதிப்பெண்.

தமிழில் கேள்வி வாசிப்பதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. நம் வாக்கியத்தில் கேள்விச் சொல் கடைசியில் வந்து உட்காரும். நாள், ஊர், ரயில் எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் ‘எந்த நிலையம்’ என்பது காதில் விழும். அதுவரை கேட்பவன் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறான். மின்விசிறிச் சத்தத்தில் கடைசிச் சொல் நழுவினால் மொத்தக் கேள்வியும் நழுவிவிடும். இன்னொரு தரம் கேட்பவர்கள் பெரும்பாலும் கடைசிச் சொல்லுக்காகத்தான் கேட்கிறார்கள். நான் மாற்றிச் சொன்னது சரியாக அந்தக் கடைசிச் சொல்லைத்தான்.

இப்போதெல்லாம் என் அட்டையில் கேள்விக்கு மேலே ஒரு முன்வரி இருக்கிறது: ‘இது ஓர் ஆளின் பெயர் கேட்கும் கேள்வி’, ‘ஆண்டு கேட்கும் கேள்வி’, ‘ரயில் நிலையத்தின் பெயர் கேட்கும் கேள்வி’. கேள்விக்குள் மூச்சு விட வேண்டிய இடங்களில் சாய்கோடு போட்டிருப்பேன். இரண்டாம் வாசிப்பு எழுத்துக்கு எழுத்து முதல் வாசிப்பேதான். விளக்கம் கேட்டாலும் திரும்ப வாசிப்பேனே தவிர வேறு வார்த்தையில் சொல்ல மாட்டேன். கடிகாரம் கடைசிச் சொல்லுக்குப் பிறகுதான் ஓடும். இரண்டாம் வாசிப்புக்கும் அப்படித்தான்.

கை தூக்கிய நேரம்

அடுத்த கேள்வியை எடுத்தேன். பதினைந்தாவது, வரிசைப்படி கௌண்டின்யாவின் நேரடிக் கேள்வி. பாதி வரி வாசித்திருப்பேன், அந்தப் பெண் கையைத் தூக்கினாள். விதிப்படி சரியான நேரம்தான். ஆனால் அவள் நிலைமையைப் பாருங்கள்: தன்னுடைய 10 மதிப்பெண் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்பதா, போன 5 மதிப்பெண்ணுக்கு வாதாடுவதா? ‘அடுத்த கேள்வி முடிவதற்குள்’ என்று நான் வகுத்த விதியே அவளை அந்த இக்கட்டில் நிறுத்தியது. இப்போது ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் மூன்று விநாடி சும்மா நிற்கிறேன். அட்டையைத் திருப்புவது போல ஒரு பாவனை. கை எழுவதானால் அதற்குள் எழும்.

“சார், ரெண்டாவது தரம் நீங்க ஊர்னுதான் கேட்டீங்க. அந்த லைன் ஆற்காட்டுக்குன்னுதானே போட்டாங்க? நான் படிச்ச புக்குல வாலாஜா ரோடுக்குப் பக்கத்துல பிராக்கெட்ல ஆற்காடுன்னே போட்டிருக்குது சார்.”

நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாம் வரிசையில் இருந்து ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார். “அய்ய, அந்தக் காலத்துல அது ஆற்காட்டு ஸ்டேஷன்தாம்பா! இன்னா தப்புன்னு சொல்லிகினு கீறீங்க?”

நான் சொன்னேன்: “அய்யா, நீங்க அந்த ரயில்லயே டிக்கெட் எடுத்து வந்த மாதிரி சொல்றீங்களே!”

சிரிப்பு. பெரியவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அந்த நகைச்சுவை எடுபட்டது என்று அப்போது எனக்குச் சந்தோஷம்தான். மேடையில் அந்தப் பெண் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்ததைப் பிறகு ஒருவர் கைப்பேசியில் எடுத்த படத்தில்தான் பார்த்தேன். அவள் ஆட்சேபத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் அதை வேடிக்கையாக்கிவிட்டேன். ஆட்சேபம் எழுந்ததில் இருந்து தீர்ப்பு வரும் வரை ஒரு கிண்டலும் கூடாது என்று இப்போது என் தாளின் தலையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

கிண்டலைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதே தகராறில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. பதின்மூன்றாம் கேள்வி இனிப்பு பற்றியது. அது முடிந்ததும் தாளில் எழுதியிருந்தபடி, “அடுத்த வாரம் ஆற்காட்டுப் பக்கம் போறவங்க எனக்கு மக்கன் பேடா வாங்கிகினு வந்தா அவங்க அணிக்கு போனஸ்” என்று சொல்லிவைத்தேன். சிரித்தார்கள். அடுத்த நிமிஷமே வட ஆற்காட்டு ரயில் கேள்வி. ‘ஆற்காடு’ என்ற சொல்லை அத்தனை பேர் காதிலும் நானே ஊதிவிட்டு, பிறகு அதையே தப்பு என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். சபையோடு பேசுவதற்கான வரிகளைக் கேள்விகளோடு சேர்த்து வைத்துப் படித்துப் பார்க்காமல் தனித்தனியாக எழுதினால் இப்படித்தான் ஆகும். இப்போது ஒவ்வொரு வேடிக்கை வரியையும் அடுத்த மூன்று விடைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அதில் உள்ள ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் விடையிலோ விடைக்குப் பக்கத்திலோ வரக் கூடாது. விடையை மறைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. தப்பு விடைக்குத் தூண்டில் போடுவதும் அநியாயம்தான்.

நிறுத்தி வைத்த தீர்ப்பு

அந்த இடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், தீர்ப்பை நிறுத்தி வைத்தது. “ஆட்சேபத்தைக் குறிச்சிக்கிறேன். சுற்று முடிஞ்சதும் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் பதினைந்தாம் கேள்வியை முதலில் இருந்து வாசித்தேன். மேடையில் நின்றபடியே தீர்ப்பு சொன்னால் அட்டையை விட்டுக்கொடுக்க மனசு வராது. தள்ளிப்போட்டால் கொஞ்சம் ஆற அமரப் பார்க்கலாம். ஆனால் கடைசிச் சுற்று வரை தள்ளக் கூடாது. அதற்குள் யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும், பிறகு எந்தத் தீர்ப்பும் ஒருவருக்குச் சாதகமாகவே தெரியும்.

இரண்டாம் சுற்று முடிந்து தேநீர் இடைவேளையில் மதிப்பெண் எழுதுபவரும் நானும் உட்கார்ந்தோம். முதலில் வரலாறு. 1856-ல் போட்ட அந்தப் பாதை பாலாற்றுக்கு வடக்கே வந்து நின்றது. ஆற்காடு ஊர் ஆற்றுக்குத் தென்கரையில். அதாவது ரயில் ஆற்காட்டு ஊருக்குள் போகவே இல்லை. ஆனால் அந்தப் பாதை ஆற்காட்டை முன்வைத்துப் போடப்பட்டது. நவாபுகளின் தலைநகராக இருந்த ஊர், 1751-ல் கிளைவ் பிடித்துவைத்துக்கொண்டு முற்றுகையைத் தாங்கிய ஊர், வெள்ளைக்காரனுக்குத் தெரிந்த பெயர் அதுதான். அதனால் பழைய எழுத்துகளில் அந்தப் பாதை சென்னையில் இருந்து ஆற்காட்டுக்கு என்றே வரும். பிற்கால நூல்கள் வாலாஜா ரோடு என்று எழுதிவிட்டு அடைப்புக்குறியில் ஆற்காடு என்று போடுகின்றன. அந்தப் பெண் சொன்னது சரி.

வாலாஜா ரோடு என்ற பெயரிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ரயில் நிலையப் பெயர் ‘ரோடு’ என்று முடிந்தால், ஊர் இங்கே இல்லை, ஊருக்குப் போகிற சாலை இங்கிருந்து பிரிகிறது என்று பொருள். வாலாஜாபேட்டை நிலையத்துக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது. ஆகவே ‘எந்த ஊர் வரை ஓடியது’ என்று கேட்டால் ‘வாலாஜா ரோடு’ என்பதே கறாரான விடை இல்லை, அது ஊரே இல்லையே! நான் இரண்டாம் முறை கேட்ட கேள்விக்கு, நான் தப்பு என்று சொன்ன விடைதான் கூடுதலாகப் பொருந்தியது.

ஆட்சேபம் நியாயம் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. மதிப்பெண்ணை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். பதின்மூன்றாம் கேள்வி வரை கௌண்டின்யா 25, மலட்டாறு 25. என் தீர்ப்புக்குப் பின் 25-க்கு 30. மூன்று வழி இருந்தது. தீர்ப்பு தீர்ப்புதான் என்று விட்டுவிடலாம். கௌண்டின்யாவுக்கு 5 கொடுத்து, மலட்டாற்றின் 5-ஐயும் அப்படியே விட்டு 30-க்கு 30 ஆக்கலாம். அல்லது கௌண்டின்யாவுக்கு 5 கொடுத்து, மலட்டாற்றிடம் இருந்து 5-ஐத் திரும்ப எடுத்து 30-க்கு 25 ஆக்கலாம். கேள்வியை ரத்து செய்துவிட்டு மாற்றுக் கேள்வி கேட்பது என்று நாலாவதாக ஒரு வழியை மதிப்பெண் எழுதுபவர் சொன்னார். சரியான விடை சொன்னவளிடம் இன்னொரு கேள்வி கேட்பது அபராதம் மாதிரி இருக்கும் என்று அதை உடனே தள்ளினோம். யாராலும் விடை சொல்ல முடியாத அளவுக்குக் கேள்வியே கோணலாக இருந்தால்தான் ரத்து.

நான் இரண்டாவது வழியை எடுத்தேன். தப்பு என்னுடையது, மலட்டாற்றுப் பிள்ளைகள் சரியான விடையைச் சொன்னார்கள், சபை நடுவில் அவர்கள் பலகையில் இருந்து எதற்கு அழிக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு அணிக்கும் 5 என்று அறிவித்தேன். எல்லாரும் கைத்தட்டினார்கள். எல்லாருக்கும் ஏதாவது கிடைத்தால் எல்லாரும் கைத்தட்டுவார்கள்.

அடுத்து எழுத்துச் சுற்று. ஆற்காடு, ஆர்க்காடு என்று எப்படி எழுதினாலும் ஏற்பது, வாசிக்க முடிந்தால் போதும் என்பதுதான் அதில் விதி. அங்கே ஒரு தகராறும் இல்லை. முடிவில் கௌண்டின்யா 70, மலட்டாறு 70. சமம்.

சமநிலை முறிக்க எண் கேள்வி வைத்திருந்தேன். இரண்டு அணியும் தாளில் எழுதித் தர வேண்டும், விடைக்கு மிக அருகில் இருப்பவர் வெற்றி. “காவலூர் வானாய்வகத்தில் 1986-ல் தொடங்கி வைக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி விட்டம் எத்தனை சென்டிமீட்டர்?” விடை 234. மலட்டாறு 230 என்று எழுதியிருந்தது, கௌண்டின்யா 200. கோப்பை மலட்டாற்றுக்கு. ஒருவர் 224, இன்னொருவர் 244 என்று எழுதியிருந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன்: தூரம் சமமாக இருந்தால் அடுத்த எண் கேள்வி. அதை எல்லாம் யோசித்தவனுக்கு இதை யோசிக்கத் தெரியவில்லை.

இதை என்றால், மூன்றாவது வழியை. கௌண்டின்யா சொன்னதை நான் அந்த விநாடியே ஏற்றிருந்தால் கேள்வி மலட்டாற்றுக்குப் போயிருக்கவே போயிருக்காது. அது மட்டும் இல்லை. நான் “ஆற்காடு தவறு” என்று சொன்னதும் ஒரு துப்புதான். வாலாஜாபாத்தும் இல்லை, ஆற்காடும் இல்லை என்றால் அந்தப் பக்கத்தில் மிச்சம் என்ன? அந்த இரண்டு பேர் காதோடு காதாகப் பேசியது இதைத்தான் என்று ஒரு பிள்ளை பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான். அவர்கள்மேல் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் என் தப்புத் தீர்ப்பின் மேல் கால் வைத்து எடுத்த மதிப்பெண் அது. தீர்ப்பு விழுந்தால் அதன் மேல் நிற்பதும் விழ வேண்டும். 5-ஐத் திரும்ப எடுத்திருந்தால் முடிவு 70-க்கு 65, சமநிலையே வந்திருக்காது.

கேள்விகள் வரிசைப்படி வந்ததால் பாதிப்பு ஒரு 5 மதிப்பெண்ணோடு நின்றது. விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியில் இருந்து அடுத்த கேள்வி தொடங்கும் ‘பவுன்ஸ்’ முறையில் நடத்தியிருந்தால், ஒரு தப்புத் தீர்ப்புக்குப் பிறகு எந்தக் கேள்வி யாருக்கு என்பதே மொத்தமாக மாறியிருக்கும். அதைத் திரும்பச் சரிசெய்ய ஒரு வழியும் இல்லை. அந்த முறையில் ஆட்சேபத்தை நிறுத்தி வைக்கவே கூடாது, கை எழுந்த இடத்திலேயே நின்று முடிவெடுத்துவிட வேண்டும்.

மாற்றி எழுதிய அட்டை

வீட்டுக்கு வந்து அட்டையைத் திரும்ப எழுதினேன். எழுதும்போது இன்னொரு ஓட்டை தெரிந்தது. ‘தென்னிந்தியாவின் முதல் ரயில்’ என்பதே சரியில்லை. 1837-லேயே செங்குன்றத்துப் பக்கம் இருந்து கல் ஏற்றிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு பாதை ஓடியிருக்கிறது. யாராவது அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் என் கேள்வி அடியோடு சாய்ந்திருக்கும். ‘முதல்’ என்ற சொல் வரும் கேள்வியில் எதில் முதல் என்பது இருந்தே தீர வேண்டும்.

```
கேள்வி 14
முன்வரி: ரயில் நிலையத்தின் பெயர் கேட்கும் கேள்வி.
தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் /
1856 ஜூலை 1 அன்று / இராயபுரத்தில் இருந்து
கிளம்பியது. / அது போய்ச் சேர்ந்த நிலையத்துக்கு /
இன்று என்ன பெயர்?
ஏற்க: வாலாஜா ரோடு
இன்னும் கேள்: வாலாஜா, வாலாஜாபேட்டை, ஆற்காடு
மறு: வாலாஜாபாத், ராணிப்பேட்டை, அரக்கோணம்
வேடிக்கை வரி: கேள்வி முடிந்த பிறகு மட்டும்
```

இதில் ‘இன்று’ என்ற ஒரு சொல் பாதித் தகராறைத் தீர்த்துவிடுகிறது. எங்கள் பக்கத்துக் கேள்விகளுக்கு அந்தச் சொல் ரொம்பத் தேவை. 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தது, 2019-ல் வேலூர் மாவட்டம் திரும்பப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வந்தன. காவலூர் எந்த மாவட்டம் என்று கேட்டால் பழைய புத்தகம் படித்தவன் ஒன்று சொல்வான், புதிது படித்தவன் வேறொன்று சொல்வான், இரண்டு பேரும் தப்பு இல்லை.

‘இன்னும் கேள்’ என்ற வரிசைதான் புதிது. விடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள், ஆனால் அது முழு விடை இல்லை என்றால் ஒரே ஒரு முறை, ஒரே குரலில், “இன்னும் தெளிவாகச் சொல்லுங்கள்” என்பேன். எந்த விடைக்கு அப்படிக் கேட்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். மேடையில் முகத்தைப் பார்த்து முடிவு செய்தால், பிடித்த அணிக்கு இரண்டாவது வாய்ப்பு, மற்ற அணிக்கு “தவறு” என்று ஆகிவிடும். எனக்குத் தெரியாமலேயே ஆகும். வாலாஜாபாத் என்று சொன்னவனிடம் “இன்னும் தெளிவா” என்று கேட்கவே கூடாது. கேட்டால் அவன் பின்பாதியை மட்டும் மாற்றிச் சொல்லிவிடுவான்.

தீர்ப்பு மாறினால் சொல்ல வேண்டியதையும் எழுதி வைத்துவிட்டேன், அந்த நேரத்தில் வாய் தடுமாறும் என்பதால்: “பதினான்காம் கேள்வியில் கௌண்டின்யா சொன்ன விடை, நான் வாசித்த கேள்விக்குப் பொருந்துகிறது. தவறு என்று சொன்னது என் பிழை. அவர்களுக்கு 5 சேர்கிறது. அந்த விடைக்குப் பிறகு மலட்டாற்றுக்குக் கேள்வி போயிருக்கக் கூடாது, அதனால் அவர்களுடைய 5 திரும்புகிறது. மலட்டாறு அணி விதிப்படிதான் ஆடியது.” இதில் கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. அழிப்பது மதிப்பெண்ணைத்தான், அந்தப் பிள்ளைகள்மேல் குற்றம் ஏதும் இல்லை என்பது சபைக்குத் தெரிய வேண்டும். தொடக்கத்தில் விதிகள் சொல்லும்போதே ‘தீர்ப்பு மாறினால் அதன்பின் கொடுத்த மதிப்பெண்ணும் மாறும்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

கௌண்டின்யாப் பெண்ணுக்கு நான் என்ன சொல்வது? விழா முடிந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கும்போது வந்தாள். “பரவால்ல சார், கண்ணாடி 200-ன்னு நான்தானே எழுதினேன்” என்றாள். அந்தக் கண்ணாடிக் கேள்வியே வந்திருக்கக் கூடாது என்று அப்போது எனக்கே தெரியாது.

மறு வருஷம் வேறொரு ஊரில் அதே கேள்வியை, புது அட்டையில், வேண்டுமென்றே வைத்தேன். முன்வரி, சாய்கோட்டில் மூச்சு, கடைசியில் ‘இன்று என்ன பெயர்?’ எல்லாம் நான் எழுதியபடியே நடந்தது. நேரடி அணிப் பையன் “வாலாஜா” என்றான். அட்டையைப் பார்த்தேன், ‘இன்னும் கேள்’ வரிசை. நிதானமாக, “இன்னும் தெளிவாகச் சொல்லுங்கள்” என்றேன். பையன் வாயைத் திறந்தான்.

“ரோடுடா, ரோடு!” என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். அவன் மாமாவாம்.

சபையில் இருந்து விடை வந்தால் கேள்வி ரத்து, அதே அணிக்கு மாற்றுக் கேள்வி. பையன் தலையில் அடித்துக்கொண்டான். நான் அட்டையை அடியில் செருகிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.